ஓட்டைக் கத்திரிக்காயும் உறையாத தயிரும்

ஓட்டல் வைக்கப் போகிறேன் என்று கம்மாபுரம் பக்கமிருந்து யோசனை கேட்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "நேரா விவசாயிகிட்ட வாங்கினா கிலோவுக்கு எவ்வளவு நிக்கும் ஐயா?" கொஞ்சம் நிற்கும், பெரிதாக நிற்காது என்பதே என் பதில். நேரடியாக வாங்குவதில் உள்ள லாபம் வேறு. இந்தக் காய் எந்த நிலத்தில் விளைந்தது, எப்போது பறித்தது, கடைசியாக என்றைக்கு மருந்து அடித்தது, இந்தப் பால் எந்த மாட்டினுடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மண்டியில் மூட்டை வாங்குகிறவனால் இதைக் கேட்க முடியாது. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் எதைச் சோதித்துப் பணம் கொடுக்கிறோமோ அதற்குத் தகுந்தபடிதான் தோட்டமும் தொழுவமும் மாறும். சோதனையைத் தப்பாக வைத்தால், நல்ல விவசாயியையும் தப்பான வேலை செய்ய வைத்துவிடுவோம். என் வயதில் எனக்குச் சொல்லத் தோன்றுவது இந்த ஒன்றுதான். விலை, ஒப்பந்தம், அளவு எல்லாம் இதற்குள் அடங்கும்.

முதலில் நம் ஊர் நிலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்மாபுரத்தைச் சுற்றி நெல்லும் கரும்பும் மணிலாவும்தான் பெரும்பாடு. காய்கறி என்றால் கிணறோ போரோ உள்ளவர்கள் பத்து சென்ட், இருபது சென்ட் ஒதுக்கிப் போடுகிற பயிர். கத்திரி, வெண்டை, கொத்தவரை, புடலை, பாகல், சுரை, பரங்கி, அவரை, முருங்கை, கீரை இவை இங்கேயே விளையும். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோசு மலைச்சரக்கு, அதை மண்டியில்தான் வாங்க வேண்டும். வெங்காயமும் தக்காளியும் பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான் வரும். ஆகவே முழுச் சமையலையும் நேரடிக் கொள்முதலில் நடத்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பொரியல், கூட்டு, காரக்குழம்பு, கீரை, தயிர், காபி, டீ இவற்றை நம்பி நடத்தலாம்.

அடுத்தது காலம். நெய்வேலி நகரியத்தை நம்பி ஓட்டல் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், புரட்டாசி பிறந்தால் அசைவம் சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் சைவத்துக்கு வந்துவிடுவார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் வருவார்கள். காய்கறி அதிகம் தேவைப்படும் அந்த நான்கு மாதத்தில்தான் வடகிழக்குப் பருவமழை வருகிறது. பூ கொட்டும், காய் அழுகும், வண்டி போகாது, விலை ஏறும். பாலிலும் இதே முரண்தான். சித்திரை, வைகாசி வெயிலில் தயிருக்கும் மோருக்கும் கூட்டம் நெருக்கும், பசுந்தீவனம் இல்லாமல் மாடோ கறவை குறைந்து நிற்கும். பருவ ஒப்பந்தம் என்று எதற்காகப் போடுகிறோம் என்றால் இந்த இரண்டு இடைவெளிகளை அடைக்கத்தான். ஆனியில் நாற்று விடும்போது பேசி, ஆடிப் பட்டத்தில் நடவு செய்தால்தான் புரட்டாசியில் பறிக்கலாம். புரட்டாசியில் போய் ஒப்பந்தம் பேசுகிறவன் அன்றைய விலையைத்தான் பேசுகிறான்.

கத்திரியை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மதியம் 200 சாப்பாடு போகிற ஓட்டல், வாரத்தில் மூன்று நாள் கத்திரிக்காய் சமைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 12 கிலோ, வாரத்துக்கு 36 கிலோ. புரட்டாசி முதல் தை முடிய ஏறக்குறைய 21 வாரம், மொத்தம் 750 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டடிக்கு இரண்டடி நட்டால் ஒரு சென்ட்டில் 110 செடி வரை நிற்கும். செடிக்கு ஒரு கிலோ என்று வைத்தால் எட்டு சென்ட் போதும் போலத் தெரியும். ஒரே ஆளிடம் எட்டு சென்ட் சொல்லிவிட்டுப் பாருங்கள், என்ன நடக்கும் என்று. நட்டு இரண்டு மாதத்தில் முதல் பறிப்பு வரும். முதல் இரண்டு வாரம் காய் போதாது. நடுவில் ஒரு மாதம் வாரத்துக்கு நூறு கிலோ வந்து குவியும். பிறகு செடி தளர்ந்து, தை வரும் முன்பே ஓய்ந்துவிடும். குவிகிறபோது நாம் வேண்டாம் என்போம், இல்லாதபோது அவர் கையை விரிப்பார். ஒப்பந்தம் அந்த இடத்தில் முறியும்.

அதனால் மூன்று பேரிடம் தலைக்கு நான்கு சென்ட் கேட்க வேண்டும். ஒருவர் ஆடி முதலில் நடுவார், அடுத்தவர் ஒரு மாதம் கழித்து, மூன்றாமவர் இன்னொரு மாதம் கழித்து. ஒவ்வொருவருக்கும் மூன்று மாதம் பறிப்பு இருந்தால் ஐந்து மாதமும் யாராவது ஒருவருடைய செடி பருவத்தில் இருக்கும். நான்கு சென்ட்டில் நல்ல காலத்தில் 400 கிலோ வரும். ஒப்பந்தத்தில் நாம் எழுதுவது 250 மட்டும். மிச்சம் மழைக்கும் புழுவுக்கும் போகட்டும். தப்பித்தால் அவர் சந்தையில் விற்றுக்கொள்ளட்டும். முழு விளைச்சலையும் எழுதி வாங்குகிற ஓட்டல்காரரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். முதல் மழையிலேயே விவசாயி சொன்ன சொல் தவறியவராகிவிடுவார். அவர் மேல் தப்பே இருக்காது.

விலைக்கு வருவோம். ஒரே விலையைப் பருவம் முழுக்கக் கட்டுவது பார்க்க நேர்மையாக இருக்கும், நிற்காது. கத்திரி எட்டு ரூபாய்க்கும் போகும், எழுபதுக்கும் போகும். மேல்வரம்பு, கீழ்வரம்பு இரண்டும் வைத்து, இடையில் சந்தை விலை என்று பேசுவதே நிலைக்கும். எடுத்துக்காட்டாகக் கீழே 20, மேலே 40. அன்றைய சந்தை விலை எது என்று சண்டை வரக்கூடாது. அதற்கு உழவர் சந்தைப் பலகை இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்த நாளிலிருந்தே அந்த முறைதான். மொத்த விலையைவிடக் கூடவும் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் ஒரு விலையைக் காலையில் பலகையில் எழுதிவிடுவார்கள். இரண்டு பேருக்கும் பொதுவான மூன்றாம் மனிதரின் கணக்கு அது.

சந்தையில் எட்டு ரூபாய் என்றால் நாம் இருபது கொடுக்க வேண்டும். மனசு வலிக்கும், கொடுக்கத்தான் வேண்டும். கார்த்திகையில் எழுபது என்றால்? நாற்பதுக்குத்தான் தர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் காய் இருட்டோடு இருட்டாக வேறு வண்டியில் ஏறிவிடும். அதைத் துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வேண்டியவர் அவர். ஆகவே நாற்பதுக்கு மேல் உள்ளதை ஆளுக்குப் பாதி என்று எழுதிவிட வேண்டும். எழுபதில் நாற்பது போக முப்பது, அதில் பாதி பதினைந்து, ஆக 55 ரூபாய். சந்தையில் எழுபது என்றாலும் மண்டிக் கமிஷன், வண்டி வாடகை, எடையில் கழிப்பது போக அவர் கைக்கு 58, 60தான் நிற்கும். அந்த மூன்று முதல் ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்காக ஆண்டு முழுக்க உள்ள இடத்தை யாரும் விட மாட்டார்கள். இதில் ஒரு நிபந்தனை, பணம் அன்றன்றே போய்விட வேண்டும். மண்டிக்காரர் முன்பணம் கொடுத்தே விவசாயியைக் கட்டிப் போடுகிறார். பாக்கி வைக்கிற ஓட்டல் அவருக்குப் போட்டியே இல்லை.

இனி சோதனை. பலரும் தவறுகிற இடம் இது. கூடை வந்ததும் மேலே இருப்பதைப் பார்க்காமல், அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் சேர்த்து இருபது காய் எடுக்க வேண்டும். கொண்டுவந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அவர் போன பிறகு சோதித்துத் தொலைபேசியில் குறை சொல்லக்கூடாது. காம்பு பச்சையாக இருக்கிறதா, தோல் பளபளக்கிறதா என்று பார்ப்பது முதல் பார்வை. தோல் மங்கி, கையில் எடுத்தால் லேசாக இருந்தால் முற்றல், உள்ளே விதை பழுத்திருக்கும். வெண்டைக்கு நுனி ஒடிக்கும் பழைய சோதனையே போதும். இதெல்லாம் எந்தச் சமையல்காரரும் சொல்வார்.

கத்திரியில் உள்ள சங்கடம் புழு. தண்டையும் காயையும் துளைக்கும் ஒரே புழு அது. முதலில் இளங்குருத்தில் நுழைந்து அதை வாட வைக்கும், பிறகு காயில் ஓட்டை போடும். ஓட்டல்காரர் என்ன செய்கிறார்? "ஒரு ஓட்டை இருந்தாலும் கூடையைத் திருப்பிடுவேன்" என்கிறார். தரமாக வாங்குவதாக அவருக்கு நினைப்பு. கூடை திரும்பி வந்தால் விவசாயி என்ன செய்வார் என்று யோசிக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றாக அடித்த மருந்தை இரண்டாக்குவார். நாளைக்குப் பறிப்பு என்றால் இன்றைக்கு அடிப்பார். அடுத்த கூடையில் ஒரு ஓட்டை இருக்காது, காய் கண்ணாடி மாதிரி மின்னும். கண்ணுக்குத் தெரிந்த குறையைத் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத குறையை நாமே காசு கொடுத்து வரவழைத்தோம்.

இதற்கு நாங்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. இருபதில் மூன்று காய் வரை ஓட்டை இருக்கலாம், முழு விலை. நான்கிலிருந்து ஆறு வரை இருந்தால் கூடைக்கு இத்தனை கிலோ என்று எடையில் கழிவு, அதையும் அவர் கண் முன்னே எழுதுவோம். அதற்கு மேல் போனால்தான் கூடை திரும்பும். சமையலறையில் ஓட்டைக் காயை நறுக்கி ஒதுக்க ஓர் ஆளுக்குக் கால் மணி நேரம் கூடுதல் வேலை. அந்தக் கூலி நம் பொறுப்பு. பதிலுக்கு நாம் கேட்பது வேறு. வாடிய குருத்தை வாரம் ஒருமுறை கிள்ளி எடுத்து அழிக்க வேண்டும், இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும். மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் பறித்து முடித்த அன்றைக்கு அடிக்க வேண்டும். டப்பாவில் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருக்கிறதோ, அந்த நாள் முடியும்வரை அந்தச் செடியின் காய் நமக்கு வேண்டாம். அந்த வாரத் தேவையை மற்ற இருவரிடம் வாங்கிக்கொள்கிறோம். மூன்று பேரிடம் வாங்குவதன் இன்னொரு பயன் அதுதான். ஒருவருக்கு ஓய்வு கொடுக்க முடிகிறது. மாதம் ஒருமுறை தோட்டத்துக்கே போய்விடுவது நல்லது. வாடித் தொங்கும் குருத்து அங்கங்கே கண்ணில் பட்டால் கிள்ளும் வேலை நடக்கவில்லை என்று தெரியும். ஒரு குருத்துகூட வாடவில்லை, தேனீயும் கண்ணில் படவில்லை என்றால் மருந்தைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

பால் இதைவிட நுட்பமானது. நம் நாட்டுத் தர விதிப்படி பசும்பாலில் குறைந்தது 3.2 சதவீதம் கொழுப்பும், கொழுப்பு நீங்கலான திடப்பொருள் 8.3 சதவீதமும் இருக்க வேண்டும். பால்காரர்கள் எஸ்.என்.எஃப் என்று சொல்வது இரண்டாவதைத்தான். ஓட்டலில் பெரும்பாலும் லாக்டோமீட்டர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். தண்ணீர் கலந்தால் அது ஆழமாக இறங்கும், எண் குறையும். பசும்பாலுக்கு 26 முதல் 32 வரை இருப்பது வழக்கம். ஆனால் பாலாடையை எடுத்துவிட்டால் எண் ஏறும், ஏனென்றால் கொழுப்புதான் பாலில் கனம் குறைந்த பகுதி. ஆடையை எடுத்து, பிறகு தண்ணீரை ஊற்றினால் எண் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். லாக்டோமீட்டரை மட்டும் நம்புகிறவர், ஆடை எடுத்துத் தண்ணீர் கலந்த பாலுக்கு நற்சான்று கொடுத்தபடியே இருப்பார். கொழுப்பும் சேர்த்துப் பார்த்தால்தான் சோதனை முழுமை. கொழுப்பு பார்க்கும் சிறு இயந்திரம் இப்போது கிராமச் சொசைட்டிகளிலும் இருக்கிறது. தினமும் பார்க்க வசதி இல்லாதவர்கள் வாரம் ஒரு நாள், எந்த நாள் என்று முன்பே சொல்லாமல், எல்லோருடைய பாலையும் பார்க்கலாம்.

எதிர்ப்பக்க அநியாயமும் உண்டு. ஒரு கொள்முதல் இடத்தில் நான் பார்த்தது இது. கறந்த சூட்டோடு நுரை அடங்காமல் ஓர் அம்மா பால் கொண்டுவந்தார். உடனே கருவியை விட்டுப் பார்த்தவர், "என்னம்மா, தண்ணி நிறைய ஓடுதே" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். "தண்ணி ஊத்துற குடும்பமில்லீங்க எங்களுது. மாடு கட்டுத்தறியிலதான் நிக்குது, வந்து பாருங்க" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னது நியாயம். சூடான பாலிலும் காற்றுக் குமிழி உள்ள பாலிலும் லாக்டோமீட்டர் குறைவாகத்தான் காட்டும். அரை மணி, ஒரு மணி நேரம் ஆற விட்டு, மெல்லக் கலக்கி, கருவிக்குச் சொன்ன சூட்டில்தான் பார்க்க வேண்டும். நம் நாட்டுக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 27 டிகிரி. அப்படிப் பார்த்தும் 24 என்று நின்றால்கூட உடனே பட்டம் கட்டக்கூடாது. தீவனம் போதாத மாட்டுக்கும் சில கலப்பின மாட்டுக்கும் இயல்பாகவே எண் குறையும். மறுநாள் அவர் தொழுவத்துக்கே போய், நம் கண் முன்னே கடைசிச் சொட்டு வரை கறக்கச் சொல்லி, அந்தப் பாலைச் சோதித்து முந்தின நாள் பாலோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் குறை மாட்டுத் தீவனத்தில் இருக்கிறது. வேறாக இருந்தால்தான் பேச வேண்டிய பேச்சு.

புளித்த பாலைத் தள்ளுவதிலும் இதே கதைதான். ஐந்து மில்லி பாலைச் சோதனைக் குழாயில் எடுத்துக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்தால், கெடத் தொடங்கிய பால் திரியும். நல்ல சோதனை, தினமும் செய்ய வேண்டியது. ஆனால் திரிந்த பாலுக்கு ஒரு காசும் கிடையாது என்று மட்டும் சொல்லிவிட்டு, கோடையில் எட்டு மணிக்குப் பதில் பத்து மணிக்கு வண்டி அனுப்பினால், யாராவது ஒருவர் கேனில் சோடா உப்பைப் போடத் தொடங்குவார். புளிப்பு அடங்கும், கொதிநீரில் திரியாது, சோதனையில் பால் தேறிவிடும். ரோசாலிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டால் பால் ரோஜா நிறமாகி அதைக் காட்டிக்கொடுக்கும். அந்த மருந்தை வாங்கி வைக்கும் முன் வண்டியைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும். பால் கறந்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ந்துவிட வேண்டும் என்பது நம் பக்கத்துப் பொறுப்பும்தான்.

எல்லாவற்றிலும் கடினமானது உறையாத தயிர். பால் நன்றாகக் கொதித்திருக்கும், வாசனை சரியாக இருக்கும், எண்ணும் கொழுப்பும் சரி. உறை ஊற்றி வைத்தால் காலையில் பாலாகவே நிற்கும், அல்லது கொழகொழவென்று நீர்த்து நிற்கும். சமையல்காரர் உறைமோர் மேல் பழி போடுவார், பருவநிலை மேல் போடுவார். பெரும்பாலும் காரணம், யாரோ ஒருவர் மாட்டுக்கு மடிநோய்க்கு ஊசி போட்டிருக்கிறார், அல்லது காம்பில் மருந்து ஏற்றியிருக்கிறார். மாட்டின் மடியில் உள்ள கிருமியைக் கொல்லும் அதே மருந்து பாலில் இறங்கி, தயிரை உறைய வைக்கும் கிருமியையும் தடுக்கிறது. காய்ச்சினாலும் பெரும்பகுதி போகாது. ஆறு வீட்டுப் பாலை ஒரே அண்டாவில் ஊற்றினால் யார் பால் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் அண்டாவில் ஊற்றும் முன் ஒவ்வொருவர் பாலிலும் ஒரு டம்ளர் எடுத்து, பேர் எழுதி, காய்ச்சி ஆறிய பின் ஒரே உறையை ஒரே அளவில் ஊற்றி வைக்க வேண்டும். மறுநாள் ஐந்து உறைந்து ஒன்று உறையாமல் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

கிடைத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் பெரிது. அபராதம் போட்டால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுப்பார். மருந்தட்டையில் எத்தனை வேளைப் பாலை ஒதுக்க வேண்டும் என்று போட்டிருக்கும், கால்நடை மருத்துவரும் சொல்வார். அத்தனை வேளைக்கும் பாதி விலையை ஓட்டல் கொடுத்துவிட வேண்டும், பால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட அன்றைக்கே சொன்னவருக்குத்தான் இந்தப் பாதி விலை, டம்ளரில் பிடிபட்டவருக்கு இல்லை. இதை முதல் நாளே பேசிவிட்டால், "ஐயா, சிவப்பிக்கு மடி வீங்கிடுச்சு, மூணு நாளைக்கு என் கேனைச் சேர்க்காதீங்க" என்று அவர்களே விடியற்காலையில் சொல்லி அனுப்புவார்கள். உண்மை சொல்பவருக்கு நஷ்டம் வராதபடி பார்த்துக்கொள்வது எந்தக் கருவியைவிடவும் அதிகம் வேலை செய்யும்.

பாலுக்கும் விலையை எங்காவது கட்ட வேண்டுமே. சொசைட்டி விலைதான் எல்லோருக்கும் தெரிந்த அளவு. 2023 டிசம்பரில் அரசு ஆவினுக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தபோது, தனியாக வாங்குகிறவர்களும் ஏற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் விலையை மாற்றிப் பேசாமல், சொசைட்டி விலைக்கு மேல் இத்தனை ரூபாய் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். எந்த வீட்டிலும் முழுப் பாலையும் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வேன். காலைப் பால் சொசைட்டிக்கு, மாலைப் பால் நமக்கு. மாலைப் பாலில் கொழுப்பும் கொஞ்சம் கூடவே இருக்கும், தயிருக்கு நல்லது. நம் கடை ஒரு வாரம் மூடிக்கிடந்தாலும் அந்த வீட்டுக்குப் போக ஓர் இடம் இருக்கும்.

எழுத்து வேண்டுமா, வாய்ப்பேச்சு போதுமா என்று கேட்பார்கள். ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தமிழ்நாடு 2019இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பெரிய அளவில் வாங்குகிறவர்கள் அதன்படி பதிவு செய்துகொள்ளலாம். நான்கு சென்ட் கத்திரிக்கும் பத்து லிட்டர் பாலுக்கும் இரண்டு பக்கம் எழுதி, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டால் போதும். அதில் ஒரு வரி மட்டும் விடுபடக்கூடாது. மழை, வெள்ளம், புயல் வந்தால் இரண்டு பக்கமும் பொறுப்பு நீங்கும், விதைக்குக் கொடுத்த பணம் அடுத்த பட்டத்தில் கழிக்கப்படும். 2011 கடைசியில் தானே புயலையும் 2015 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்த கடலூர் மாவட்டத்தில் இதை எழுதாத ஒப்பந்தம் பாதி ஒப்பந்தம். நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பக்கத்து நிலம் என்றால் நிலம் எடுப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லில் கால்வாய் வெட்ட இயந்திரம் இறங்கியதைப் பார்த்த பிறகு, அந்த நிலத்துக்காரரிடம் ஐந்து மாதத்துக்கு வாக்குக் கேட்பதே சங்கடமாக இருக்கும்.

மழை வந்து காய் வரவில்லை என்றால் கடையில் என்ன போடுவது? அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற அம்மையார் 1971இல் தொடங்கிய ஷே பனீஸ் உணவகம், பக்கத்துப் பண்ணைகளில் அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதை வைத்தே தினமும் உணவை மாற்றிப் பேர் வாங்கியது. நம் வீடுகளில் அது வழக்கம்தான். கடையிலும் செய்யலாம். ஐப்பசி அடைமழையில் கத்திரி இல்லை என்றால் பரங்கிக் கூட்டு, சுரைக்காய் கூட்டு. புரட்டாசிக்கு முன்பே முற்றிய பரங்கிக்காயைக் காம்போடு வாங்கிக் காற்றாட அடுக்கி வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். அதற்கும் வைகாசி, ஆனியிலேயே யாரிடமாவது விதை ஊன்றச் சொல்லியிருக்க வேண்டும். வேலி ஓரத்திலும் வரப்பு ஓரத்திலும் கொடி படர இடம் இருந்தால் போதும், தனி நிலம் வேண்டாம். இந்தக் கொடிக்கு இடம் கொடுக்கிற வீட்டை இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் யோசனை கேட்டு வருகிறவர்களை அனுப்பி வைக்கிறேன்.